அசலில் சேரும் மூன்று லட்சம்

வீட்டுக்கடனின் மாதத் தவணையில் இரண்டு பங்குகள் உண்டு. அந்த மாதம் நிலுவையில் இருக்கும் அசலுக்கான வட்டி முதலில் கழியும். மிச்சம்தான் அசலைக் குறைக்கும். 30 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை சுமார் 26,992 ரூபாய். முதல் தவணையில் வட்டிக்கே 22,500 ரூபாய் போய்விடும். அசலில் சேர்வது 4,492 ரூபாய்தான். மூன்று ஆண்டுகளில் 9.7 லட்சத்துக்கு மேல் கட்டியும் அசல் 28.15 லட்சத்தில் நிற்கும்.

தவணைக்கு வெளியே ஒரு தொகையை இடையில் கட்டுவதே பகுதி முன்செலுத்தல். அந்த மாத வட்டி தவணையிலேயே கழிந்துவிடுவதால் இந்தத் தொகை முழுவதும் அசலில் சேரும். மேற்சொன்ன கடனில் மூன்றாம் ஆண்டு முடிவில் 3 லட்சம் கட்டினால் அசல் 25.15 லட்சமாகும். மீதமிருப்பவை 204 தவணைகள். இங்கே கடன்தாரருக்கு இரண்டு வழிகள் உண்டு.

தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைப்பது முதல் வழி. 204 தவணைகள் 161 ஆகச் சுருங்கும். கடன் மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே முடியும். வட்டியில் மிச்சம் சுமார் 8.7 லட்சம். காலத்தை மாற்றாமல் தவணையைக் குறைப்பது இரண்டாவது. தவணை 24,115 ரூபாயாக இறங்கும். வட்டியில் மிச்சம் சுமார் 2.87 லட்சம்.

கட்டியது ஒரே தொகை. மிச்சம் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? முதல் வழியில் பழைய தவணையே தொடர்வதால், இரண்டாவது வழியைவிட மாதம் 2,876 ரூபாய் கூடுதலாக அசலில் சேர்கிறது. இரண்டாவதில் அந்தப் பணம் கடன்தாரர் கையில் தங்குகிறது. அதற்கு வரி போக 9 சதவீத வருமானம் கிடைத்தால் இரு வழிகளும் சமமாகும். செலவாகிவிட்டால் முதல் வழியே லாபம். ஆனால் வருமானம் குறைந்தவருக்கும், பள்ளிக் கட்டணம் போன்ற புதுச் செலவு வந்தவருக்கும் தவணை குறைவதே உதவும்.

பல வங்கிகள் எதுவும் கேட்காவிட்டால் காலத்தையே குறைக்கும். தவணை குறைய வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு வங்கிகள் முன்செலுத்தல் கட்டணம் வாங்க 2012-இல் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. நிலையான வட்டிக் கடனில் கட்டணம் இருக்கக்கூடும். ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும்.

கட்டிய பணம் சில சமயம் அசலில் சேராமல், வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வரவு வைக்கப்படுவதுண்டு. அடுத்த மாதக் கணக்கு அறிக்கை அதைக் காட்டிக்கொடுக்கும். 9 சதவீதத்தில் 3 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 2,250 ரூபாய். வட்டி 21,114 ரூபாயிலிருந்து சுமார் 18,864 ஆக இறங்கியிருந்தால் பணம் அசலில் சேர்ந்துவிட்டது. இறங்காவிட்டால் உடனே கிளையில் கேட்டுத் திருத்தி, புதிய தவணை அட்டவணையை வாங்கிவிட வேண்டும்.