கடை வாடகையைக் குறைக்கக் கேட்கும்போது

சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு அடித்த பிறகு, பல கடைகளின் முன்னால் வண்டி நிறுத்த இடமில்லாமல் போனது. நின்று பார்த்துவிட்டு உள்ளே வருகிற வாடிக்கையாளரை நம்பியிருந்த சிறு கடைக்காரருக்கு அது பெரிய அடி. விற்பனை குறைந்தாலும் மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தாக வேண்டும். இந்த நிலையில் பலர் உரிமையாளரின் போனை எடுக்காமல் நாளைக் கடத்துகிறார்கள். கேட்டால் கிடைத்திருக்கக்கூடிய சலுகை அங்கேதான் கெட்டுப்போகிறது.

வியாபாரம் மந்தம் என்ற காரணத்துக்காக வாடகையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று உரிமையாளரைச் சட்டத்தால் நிர்ப்பந்திக்க முடியாது. 2020 ஊரடங்கில் டெல்லி கான் மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டார். ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லாதபோது, கடையும் அவர் கையிலேயே இருக்கும்போது, வாடகை கொடுத்தாக வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் மட்டும் கிடைத்தது. ஆகவே கடைக்காரர் கேட்பது உரிமையை அல்ல, உரிமையாளரின் சம்மதத்தை. அந்தச் சம்மதம் பிறப்பது கணக்கில்தான்.

ஒரு ரெடிமேட் துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். வாடகை மாதம் 30,000 ரூபாய், அட்வான்ஸ் 3 லட்சம். முன்பு மாத விற்பனை 4 லட்சம். சரக்கு விலை போக நூற்றுக்கு 25 ரூபாய் நின்றால், கைக்கு 1 லட்சம் வரும். இரண்டு ஆட்களின் சம்பளம் 28,000, கரண்டும் சில்லறைச் செலவும் 7,000, வாடகை 30,000 போனால் மிச்சம் 35,000. இப்போது விற்பனை 2.4 லட்சமாக இறங்கிவிட்டது. கைக்கு வருவது 60,000, செலவோ அதே 65,000. மாதம் 5,000 கைநட்டம். வீட்டுச் செலவுக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கடைக்காரர் பாதி வாடகை கேட்டால் பேச்சு அங்கேயே முறியும். மாதம் 10,000 வீதம் நான்கு மாதம் குறைக்கக் கேட்டால் உரிமையாளருக்குப் போவது மொத்தம் 40,000. கடை காலியாகி மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் அவருக்கு 90,000 போகும். அதைவிடப் பெரிய சங்கடம், 3 லட்சம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பது. பல உரிமையாளர்கள் அந்தப் பணத்தை எப்போதோ செலவழித்திருப்பார்கள். இதை மிரட்டலாகச் சொல்லத் தேவையில்லை. அவருக்கே தெரியும்.

உரிமையாளரின் நிலைமையையும் விசாரிப்பது நியாயம். அந்தக் கட்டடத்தின் மேல் வங்கிக் கடன் இருந்து, வாடகையை வைத்துத்தான் தவணை கட்டுகிறார் என்றால், அவரால் தள்ளுபடி செய்ய முடியாது, தள்ளிவைக்க முடியலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நிறுத்திவைக்கும் 40,000-ஐ, தீபாவளி வியாபாரம் முடிந்து நவம்பர் முதல் மாதம் 5,000 வீதம் எட்டுத் தவணையில் கட்டுவதாகச் சொல்லலாம். “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் எடுபடாது. கரண்ட் பாக்கி, சேதம் எல்லாவற்றுக்கும் அவருக்கு இருக்கும் ஒரே பிடி அதுதான்.

கேட்கும் நேரம் முக்கியம். வாடகை தேதி தாண்டி, பாக்கி விழுந்த பிறகு கேட்டால் அது சாக்காகவே தெரியும். தேதிக்குப் பத்து நாள் முன்பே நேரில் போக வேண்டும். கையில் போன வருடத்து அதே மாதங்களின் ஜிஎஸ்டி கணக்கும் இந்த வருடத்துக் கணக்கும் இருக்கட்டும். ஆனி மாத விற்பனையைத் தீபாவளி மாதத்தோடு ஒப்பிட்டால் விவரம் தெரிந்த எந்த உரிமையாளரும் நம்பமாட்டார்.

பேசி முடித்ததை அன்றே எழுதிவிட வேண்டும். இவ்வளவு போதும்: “ஐயா, இன்று பேசியபடி ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதங்களுக்கு வாடகை 20,000 ரூபாய். குறைத்த 10,000 தள்ளுபடி. பின்னால் பாக்கியாகக் கணக்கில் வராது. அக்டோபர் முதல் பழையபடி 30,000. மற்ற நிபந்தனைகளில் மாற்றமில்லை.” இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். தள்ளுபடியா, தள்ளிவைப்பா என்ற ஒரு சொல் விட்டுப்போனால் இரண்டு வருடம் கழித்துக் காலி செய்யும்போது அந்த 40,000 அட்வான்ஸில் பிடிக்கப்படும். பதிவு செய்த ஒப்பந்தமாக இருந்தால் வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்பது கடினம். மாற்றத்தையும் பதிவு செய்ய வேண்டுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. உரிமையாளர் ஜிஎஸ்டி பில் போடுபவர் என்றால், பில்லும் குறைத்த வாடகைக்கே இருக்க வேண்டும்.

முடியாது என்று சொல்லிவிட்டால், தானாகக் குறைத்துக் கட்டுவது ஆபத்து. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரண்டு மாத வாடகை பாக்கி கடையைக் காலி செய்யக் கேட்பதற்குக் காரணமாகிவிடும். முழு வாடகையையும் வங்கி வழியாகக் கட்டிக்கொண்டே, ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எத்தனை மாதம் என்று பார்த்து, தீபாவளி வரை தாங்க முடியுமா என்று கணக்குப் போட வேண்டும். தாங்காது என்றால் கடன் வாங்கி வாடகை கட்டுவதைவிட, அட்வான்ஸ் முழுதாக இருக்கும்போதே எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறுவதில் நட்டம் குறைவு.