செக்கு வாங்கும் முன் நாற்பது வீடுகள்

மரச்செக்கு போட நினைக்கும் பலர் முதலில் விசாரிப்பது இயந்திரத்தின் விலையை. அதற்கு முன் தெரியவேண்டியது, நம் தெருவில் எத்தனை பேர் காசு கொடுத்து எண்ணெய் வாங்குவார்கள் என்பது. அதைச் சொந்தச் செக்கு இல்லாமலே அறியலாம். நிலக்கடலைப் பருப்பை நாமே வாங்கிக் கொடுத்தால், கூலிக்கு ஆட்டித் தரும் செக்குகள் பல ஊர்களில் உண்டு.

ஒரு கணக்கு போடுவோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். நாற்பது வீடுகளில் கேட்கிறோம். எல்லோரும் "நல்ல விஷயம், ஆரம்பியுங்க" என்கிறார்கள். இதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. மறுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வராது. "லிட்டர் 400 ரூபாய், அடுத்த வாரம் தருகிறேன், இப்போதே பணம் கொடுங்கள்" என்று கேட்கவேண்டும். செக்கு போட்டபின் என்ன விலைக்கு விற்போமோ அதே விலை; அறிமுகச் சலுகையில் வாங்கியவரை வைத்துக் கணக்கிட்டால் ஏமாந்துபோவோம். உறவினர்களையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. சிறிய அளவில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

பதினொரு வீடுகள் பணம் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அத்தோடு சோதனை முடியவில்லை. எண்ணெய் தீர்ந்ததும் மறுபடி வாங்குபவர் எத்தனை பேர் என்று பார்க்கவேண்டும். ஆறு வீடுகள் என்றால், அந்த ஆறுதான் நமக்கு உண்மையான எண்.

இனி செக்குச் செலவுக்கு வருவோம். வாடகை 8,000, ஆள் கூலி 13,000, மின்சாரம் 5,000, ஆக மாதம் 26,000 ரூபாய். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். கிலோ 120 என்றால் 300 ரூபாய். பாட்டிலுக்கு 15. புண்ணாக்கு விற்று 45 வரும். லிட்டருக்கு மிஞ்சுவது 130 ரூபாய். ஆக, மாதம் 200 லிட்டர் விற்றால்தான் செலவு சரிக்கட்டும். வீட்டுக்கு இரண்டு லிட்டர் வீதம் நூறு வீடுகள் வேண்டும். நாற்பதில் ஆறு என்ற விகிதத்தில், அந்த நூறு கிடைக்க அறுநூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளை எட்டவேண்டும். அப்போதும் நம் உழைப்புக்குச் சம்பளம் இல்லை, இயந்திரத்துக்குப் போட்ட சேமிப்பும் திரும்பவில்லை. நம் வட்டாரத்தில் அத்தனை வீடுகள் இல்லையென்றால், கூலிக்கு ஆட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் லாபம் குறைவுதான், ஆனால் சேமிப்பு கையில் இருக்கும்.

மறுபடி வாங்காத ஐந்து வீடுகளையும் நேரில் போய்க் கேட்கவேண்டும். ஒருவர், "பொரிக்கும்போது நுரைக்குது" என்பார்; எண்ணெயை இன்னும் இரண்டொரு நாள் தெளியவிட்டால் பெரும்பாலும் குறையும். இன்னொருவர், "நல்லாத்தான் இருக்கு, மாசாமாசம் கட்டுப்படியாகலை" என்பார். தெளியவைத்துத் தீர்க்கும் சிக்கல் அல்ல அது. ஐவரில் நால்வர் இதையே சொன்னால், அந்தத் தெருவில் 400 ரூபாய் எண்ணெய்க்கு இடமில்லை.