அறிமுகம் இல்லாதவருக்கு எழுதும் முதல் வரி

கோவையில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே ஏற்றுமதியைக் கவனிக்கும் மேலாளர் காலையில் லிங்க்ட்இன் தளத்தைத் திறக்கிறார். ஏழு அழைப்புகள் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அவர் கண்ணில் படுவது ஒரு சிறிய புகைப்படம், பெயர், பெயருக்குக் கீழே ஒரு வரி. அனுப்பியவர் எழுதியிருந்தால் ஒரு சின்னக் குறிப்பும் இருக்கும். சேர்ப்பதா, தள்ளுவதா என்பதை அதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட்டு அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

ஃப்ரீலான்சராக வேலை தேடுகிறவர்களில் பலர் அந்த ஏழு பேரில் ஒருவராக இருந்து தள்ளப்பட்டவர்கள்தான். வேலை தெரியாததால் அல்ல. அவர்கள் எழுதிய வரியில், படிப்பவருக்குச் சம்பந்தப்பட்டது எதுவும் இல்லாததால்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மெக்கானிக்கல் படித்து, எட்டு ஆண்டுகள் பம்ப் ஆலை ஒன்றின் சர்வீஸ் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தபடி பம்புகளுக்கு மேனுவல் எழுதித் தர விரும்பும் ஒரு பெண். பம்பை எப்படி இறக்குவது, வயரை எப்படி இணைப்பது, எதைச் செய்யக் கூடாது என்று பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் வருமே, அதுதான் அவர் தொழில். கோவையைச் சுற்றி மோட்டார் பம்ப் செய்யும் ஆலைகள் ஏராளம். பலர் வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள். ஆக, வேலை இருக்கிறது. அதைத் தரக்கூடியவரும் அந்தத் தளத்தில் இருக்கிறார்.

முதலில் பெயருக்குக் கீழே உள்ள அந்த வரி. லிங்க்ட்இன் அதற்கு 220 எழுத்துகள் வரை இடம் தருகிறது. ஆனால் போனில் அழைப்பாகவோ தேடல் முடிவாகவோ தெரியும்போது முன்பகுதி மட்டுமே தெரிந்து மீதி வெட்டுப்படும். நம் உதாரணப் பெண் முதலில் எழுதி வைத்திருந்தது இது: ‘ஃப்ரீலான்சர், டெக்னிக்கல் ரைட்டர், கன்டென்ட் கிரியேட்டர், எழுத்தின் மீது தீராத ஆர்வம் கொண்டவர்.’ இதைப் படிக்கும் பம்ப் கம்பெனிக்காரருக்கு இவர் தனக்கு வேண்டியவர் என்று தோன்ற வழியே இல்லை. இதே வரியைச் சமையல் குறிப்பு எழுதுகிறவரும் வைத்துக்கொள்ளலாம்.

அதை இப்படி மாற்றினால்: ‘ஏற்றுமதி பம்புகளுக்கு இன்ஸ்டலேஷன் மேனுவல் எழுதுகிறேன். 8 ஆண்டு பம்ப் சர்வீஸ் அனுபவம்.’ பின்பாதி வெட்டுப்பட்டாலும் யாருக்கு, என்ன செய்கிறார் என்பது முன்பாதியிலேயே வந்துவிடுகிறது. வரியைக் குறுக்கினால் மற்ற வேலைகள் கைநழுவிப் போகுமே என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. எல்லாம் செய்வேன் என்கிறவரை எந்த வேலைக்கு அழைப்பது என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒன்றைத் தெளிவாகச் சொல்பவரை அந்த ஒன்றுக்காகவாவது ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது தன்னைப் பற்றிச் சொல்லும் பகுதி. இங்கேயும் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதியைப் படிக்கத் தட்டித் திறக்க வேண்டும். அந்த வரிகளில் பிறந்த ஊரும் படித்த கல்லூரியும் வேண்டாம். ‘வயரிங் படம் புரியாமல் ஃபிட்டர் மாற்றி இணைத்து மோட்டார் எரிந்தால், போன் வருவது சர்வீஸ் பிரிவுக்கு. எட்டு வருடம் அந்தப் போன்களை எடுத்தவள் நான். அந்தப் போன் வராதபடி மேனுவல் எழுதுகிறேன்’ என்று தொடங்கினால் சர்வீஸ் மேலாளர் மீதியையும் படிப்பார். கீழே எத்தனை நாளில் முடியும், படம் வரைவதும் சேர்த்தியா, எந்த மொழிகளில் கிடைக்கும் என்ற விவரங்கள் போதும். மாதிரிக்கு ஒரே ஒரு பக்கம்: குழப்பமான வயரிங் குறிப்பு ஒரு பக்கம், அதையே திருத்தி எழுதியது மறுபக்கம். பழைய கம்பெனியின் மேனுவலை அனுமதி இல்லாமல் போடக் கூடாது. தானே கற்பனையாக ஒரு பம்புக்கு எழுதிக் காட்டலாம்.

புகைப்படத்தைச் சுற்றி ‘Open to work’ என்ற பச்சை வளையத்தைச் சிலர் போட்டுக்கொள்கிறார்கள். அது சம்பள வேலை தேடுகிறவர்களுக்கு உரியது. சேவை விற்பவர்களுக்கு ‘Providing services’ என்று தனிப் பகுதியே உண்டு. அதைத்தான் நிரப்ப வேண்டும்.

இனி, யாருக்கு எழுதுவது? பெரும்பாலோர் நேராக நிர்வாக இயக்குநருக்கு எழுதுகிறார்கள். மேனுவல் சரியில்லாததால் அவதிப்படுவது அவர் அல்ல. தவறான இணைப்பால் வரும் புகார்களைச் சமாளிக்கும் சர்வீஸ் மேலாளரும், வெளிநாட்டு வாங்குபவரிடம் ஆவணங்களுக்குப் பதில் சொல்லும் ஏற்றுமதி மேலாளரும்தான். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் சிறு பட்டறை என்றால் மட்டும் முதலாளிக்கே எழுதலாம். அங்கே எல்லாப் பொறுப்பும் அவரிடம்தான் இருக்கும்.

ஏற்றுமதி மேலாளருக்குச் சொல்ல ஒரு விஷயமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் இயந்திரத்தோடு, விற்கப்படும் நாட்டின் அதிகாரபூர்வ மொழியில் பயன்பாட்டுக் குறிப்புகள் இருக்க வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் விதியிலேயே உண்டு. அதன் இடத்துக்கு வரும் 2023/1230 எண்ணுள்ள ஒழுங்குவிதி 2027 ஜனவரியிலிருந்து நடைமுறை என்று நிர்ணயிக்கப்பட்டது. அதன்படி குறிப்புகளை டிஜிட்டலாகவும் தரலாம்; ஆனால் வாங்கும்போது வாடிக்கையாளர் கேட்டால் அச்சுப் பிரதியை இலவசமாகக் கொடுக்க வேண்டும். தன் தொழிலோடு ஒட்டிய இப்படி ஒரு விதி தெரிந்திருப்பது, நூறு முறை ‘தரமான சேவை’ என்று எழுதுவதைவிடப் பயன் தரும்.

இப்போது முதல் மெசேஜ். வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: ‘மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் புரொஃபைலைப் பார்த்து வியந்தேன். நாங்கள் மலிவான விலையில் உயர்தர எழுத்துச் சேவை வழங்குகிறோம். பேச 15 நிமிடம் ஒதுக்க முடியுமா?’ இதில் பெயரை மாற்றி ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். பெறுபவருக்கும் அது தெரியும்.

நம் பெண் முதலில் அந்தக் கம்பெனியின் தளத்திலிருந்து ஒரு மேனுவலை இறக்கிப் படிக்கிறார். அரை மணி நேரம் ஆகிறது. சோலார் நீர்மூழ்கி பம்பின் வயரிங் பக்கத்தில், எழுத்தில் சொல்லியிருக்கும் வயர் நிறமும் படத்தில் உள்ள நிறமும் ஒத்துப்போகவில்லை. அழைப்போடு அவர் அனுப்பும் குறிப்பு இவ்வளவுதான்: ‘வணக்கம் சார். உங்கள் சோலார் பம்ப் மேனுவலில் வயரிங் பக்கத்தில் எழுத்தில் உள்ள நிறமும் படத்தில் உள்ள நிறமும் மாறியிருக்கின்றன. பம்ப் மேனுவல் எழுதுவது என் தொழில். கண்ணில் பட்டதால் சொல்கிறேன்.’

இதை ஆங்கிலத்தில் எழுதினால் 200 எழுத்துக்குள் அடங்கிவிடும். கட்டணம் செலுத்தாத கணக்குகளுக்கு அழைப்புக் குறிப்பில் அந்த அளவுதான் அனுமதி. அதுவும் மாதத்துக்குச் சில அழைப்புகளில் மட்டுமே. இந்தக் கட்டுப்பாடு நல்லதுதான். கிடைக்கிற சில குறிப்புகளை, மேனுவலைப் படித்துப் பார்த்த சில கம்பெனிகளுக்கே செலவிட வைக்கிறது. தவறு எதுவும் கண்ணில் படவில்லை என்றால் இல்லாத தவறைக் கண்டுபிடித்துச் சொல்லக் கூடாது. அந்தக் கம்பெனியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும்.

அழைப்பை அவர் ஏற்றுக்கொண்டார். இங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏற்ற மறு நிமிடமே விலைப்பட்டியலும் ஐந்து பக்க பிடிஎஃப்பும் போய் விழுகின்றன. அவர் சேர்த்துக்கொண்டது பேசுவதற்கு. வாங்க ஒப்புக்கொண்டதாக அர்த்தம் இல்லை. நம் பெண் அடுத்த நாள், அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதி அனுப்புகிறார். கூடவே ஒரே கேள்வி: ‘மேனுவல் திருத்துவது உங்களிடமா, வேறு யாரிடமாவதா?’ இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ‘நம்ம டிசைன்ல ஒருத்தர் பாக்கறாருங்க, அவர் நம்பர் தரேன்’ என்று வந்தாலே அது பெரிய வரவு.

பதிலே வரவில்லையென்றால்? பத்து நாள் கழித்து இன்னொரு முறை எழுதலாம், புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும். மேலே சொன்ன ஐரோப்பிய விதி அதற்குப் பொருந்தும். ‘என் மெசேஜைப் பார்த்தீர்களா?’ என்பது புதிது அல்ல. இரண்டாவதற்கும் மௌனம் என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

நினைவூட்டல் எங்கே தொல்லையாக மாறுகிறது என்பதற்கு அந்தத் தளத்தின் வரலாற்றிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2003இல் தொடங்கிய லிங்க்ட்இன், உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கு அவர்கள் பெயராலேயே அழைப்பு அனுப்பியது. பதில் வராதவர்களுக்கு மேலும் இரண்டு நினைவூட்டல்கள் போயின. 2013இல் சில உறுப்பினர்கள் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். முதல் அழைப்புக்கு அவர்கள் சம்மதித்திருந்தார்கள், அடுத்தடுத்துப் போன நினைவூட்டல்களுக்குச் சம்மதம் இல்லை என்று கண்ட நீதிபதி, அந்தப் பகுதியில் வழக்கைத் தொடர அனுமதித்தார். 2015இல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பொறுத்துக்கொள்ள முடியாததாக இருந்தது முதல் கடிதம் அல்ல. அதற்குப் பின் கேட்காமல் வந்தவை.

இன்று அதே தளம், தானாக அழைப்பும் மெசேஜும் அனுப்பும் மென்பொருள்களைத் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. பிடிபட்டால் கணக்கு முடக்கப்படலாம். வாரத்துக்கு இத்தனை அழைப்புதான் என்ற வரம்பும் உண்டு. அழைப்பைத் தள்ளுபவர், அனுப்பியவரைத் தனக்குத் தெரியாது என்று குறித்துவிடவும் முடியும். அப்படிக் குறிப்பவர்கள் பெருகினால் கணக்குக்குச் சிக்கல் வரும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஊருக்குள் நடக்கிறது. பம்ப் தொழில் செய்பவர்கள் ஒரே சங்கக் கூட்டத்தில், ஒரே கண்காட்சியில் சந்தித்துக்கொள்பவர்கள். ஒரே மெசேஜ் இரண்டு பேருக்குப் போனது ஒரு தேநீர் இடைவேளையில் தெரிந்துவிடும்.

தான் தொல்லை தருகிறோமா என்பதை ஒருவர் தானே கண்டுபிடிக்கலாம். அனுப்பிய அழைப்புகளின் பட்டியல் கணக்கிலேயே இருக்கிறது. அதில் பதில் இல்லாமல் தேங்கி நிற்பவை, ஏற்கப்பட்டவற்றைவிட அதிகமாக இருந்தால் தவறான ஆட்களுக்கோ வெறுமையான குறிப்போடோ போயிருக்கின்றன என்று பொருள். ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் முதல் மெசேஜுக்குப் பின் யாருமே பேசவில்லை என்றால் புரொஃபைல் வரி சரி, மெசேஜ்தான் சரியில்லை.

ஃப்ரீலான்சராக இருக்கும் வாசகர்கள் அந்தப் பட்டியலை ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் தேங்கிக் கிடப்பவற்றை ‘Withdraw’ கொடுத்துத் திரும்பப் பெறுங்கள். அப்படிப் பெற்ற பிறகு அதே நபருக்கு மூன்று வாரம் வரை மறுபடி அழைப்பு அனுப்ப முடியாது. அவருடைய கம்பெனி என்ன செய்கிறது என்று படித்துப் பார்க்க அந்த மூன்று வாரம் போதும்.