சாய்தளம் இருக்கிறது, ஏற முடியுமா?

சாய்தளம் உண்டா? உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை? உண்டு. இரண்டு கட்டத்திலும் டிக் அடித்தால் தணிக்கை முடிந்தது என்று பல அலுவலகங்கள் நினைக்கின்றன. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்த 'உண்டு' எந்த உதவியும் செய்யாது. சாய்தளத்தின் நீளம் என்ன, கதவு எத்தனை சென்டிமீட்டர் திறக்கிறது என்பதுதான் அவர் உள்ளே போவதா, வாசலிலேயே நிற்பதா என்பதை முடிவு செய்கிறது.

மாதிரிக்கு, மாடியுள்ள ஒரு தாலுகா அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். தணிக்கைக்குப் போகிறவர் வெளிகேட்டில் தொடங்கி, மனு கொடுக்க வருகிறவர் போகும் வழியிலேயே போக வேண்டும்: கேட், சாய்தளம், வாசல், கவுண்டர், கழிப்பறை. இதில் ஓரிடம் அறுந்தாலும் மற்றவை சரியாக இருந்து பயனில்லை.

வாசலில் நான்கு படி. படிக்கு 15 சென்டிமீட்டர், மொத்தம் 60. சாய்தளத்துக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் 1:12, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். கணக்குப்படி 7.2 மீட்டர் வேண்டும். கட்டியிருப்பதோ 3 மீட்டர். 1:5 என்ற இந்தச் சரிவில் துணையின்றி ஏறப் பார்த்தால் நாற்காலி பின்பக்கம் கவிழும் அபாயம் உண்டு. இறங்கும்போது பிடி நழுவினால் நேரே வண்டி நிறுத்துமிடத்தில்தான் போய் நிற்கும்.

சரிவை ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு வரக்கூடாது. கொத்தனார் மேல்முனையை வாசல் மட்டத்தோடு சேர்ப்பதற்காகக் கடைசி அரை மீட்டரைச் செங்குத்தாகப் பூசிவிடுவதுண்டு. கீழ், நடு, மேல் என மூன்று இடத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

இடமில்லையே என்று பொறியாளர் சொல்லலாம். நேராகத்தான் இடமில்லை. சுவரையொட்டி 3.6 மீட்டர் ஏறி, ஒன்றரை மீட்டருக்குக் குறையாத சமதளத்தில் திரும்பி, இன்னொரு 3.6 மீட்டர் ஏறினால் கணக்கு சரியாகிவிடும். இரு பக்கமும் கைப்பிடி, மேலும் கீழும் திரும்புவதற்குச் சமதளம் ஆகியவற்றையும் அறிக்கையில் சேர்த்து எழுத வேண்டும். எழுதாதது டெண்டரில் வராது.

கழிப்பறைக் கதவில்தான் அளவு அதிகம் ஏமாற்றும். வரைபடத்தில் 75 சென்டிமீட்டர் என்று இருக்கும். அது நிலையின் அளவு. கதவைத் திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலையின் உள்விளிம்பு வரை டேப் பிடித்தால் 68தான் தேறும். நாற்காலியே ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் அகலம். சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்கு இடம் எங்கே? வழிகாட்டுதல் கேட்பது 90. கதவு உள்பக்கம் திறந்தால் இன்னொரு வம்பு: நாற்காலி உள்ளே போனபின் கதவைச் சாத்த முடியாது. உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் வாளியும் துடைப்பமும் குடியிருக்கும். சாவி யாரிடம் என்பதையும் தணிக்கையாளர் கேட்டு எழுதுவது நல்லது.

சரிசெய்யும் வரிசை எப்படி? செலவு குறைந்ததை எல்லாம் முதலில் முடித்துக் கணக்குக் காட்டுவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. அப்படிச் செய்தால் ஏற முடியாத சாய்தளத்துக்கு அப்பால் அருமையான கழிப்பறை காத்திருக்கும். செலவே இல்லாதவை அந்த வாரமே நடக்கட்டும்: சாய்தளத்தின் அடியில் நிற்கும் பைக்குகளை அகற்றுவது, கழிப்பறையைக் காலி செய்து திறந்து வைப்பது, நெஞ்சளவு உயரக் கவுண்டருக்குப் பக்கத்தில் 75 சென்டிமீட்டர் மேசை ஒன்றைப் போட்டு அங்கே மனு வாங்குவது. பணம் வந்ததும் முதல் வேலை சாய்தளம், அடுத்தது கழிப்பறைக் கதவு. லிஃப்டுக்கு அனுமதியும் நிதியும் வர நாளாகும். அதுவரை மாடியில் நடக்கும் விசாரணையைத் தரைத்தளத்துக்கு இறக்க ஓர் உத்தரவு போதும்.

இந்தக் கடைசிக் குறிப்பு சின்ன விஷயமல்ல. 2023 அக்டோபரில் மும்பை கார் பகுதியில் திருமணப் பதிவுக்குப் போன சக்கர நாற்காலிப் பெண் ஒருவரை, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதிகாரிகள் கீழே இறங்கி வரவில்லை என்று அவர் பொதுவெளியில் புகார் சொன்னார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய பொதுக் கட்டடங்களைச் சீராக்க, விதிகள் வந்ததிலிருந்து ஐந்தாண்டு தந்தது. அந்தக் கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக நிற்கக்கூடாது, கட்டாயமானவற்றைத் தனியே வகுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

ஆகவே அறிக்கையின் ஒவ்வொரு வரியிலும் இருக்கும் அளவு, வேண்டிய அளவு, டேப் தெரியும்படி ஒரு படம், பொறுப்பான பிரிவு, முடிக்கும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். வேலை முடிந்தபின் அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும், அதுவும் ஒப்பந்ததாரரின் பில் பாஸ் ஆவதற்கு முன்.