பொங்கலில் நெய் எத்தனை கரண்டி?

வெண்பொங்கல் சாப்பிட்டால் உடம்பு கனக்கிறது, கண்ணைச் சொக்குகிறது என்று சொல்லாதவர்கள் குறைவு. சிலர் அரிசியைக் காரணம் சொல்வார்கள், சிலர் பருப்பு மந்தம் என்பார்கள். உடல் எடையைக் கவனிப்பவர்களோ பொங்கலையே ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பொங்கல் பானைக்குள் போகும் பொருள்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தால், அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது நெய்தான்.

நான்கு பேருக்கான பொங்கலை எடுத்துக்கொள்வோம். பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 100 கிராம். நெய் இன்னும் சேர்க்கவில்லை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும்தான் உணவியலில் ‘மேக்ரோ’ என்கிறார்கள். 200 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 156 கிராம், புரதம் 16 கிராம். கொழுப்பு ஒரே ஒரு கிராம். 100 கிராம் பாசிப்பருப்பில் மாவுச்சத்து 53 கிராம், புரதம் 24 கிராம், கொழுப்பு ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல்.

இரண்டையும் கூட்டி நாலாகப் பிரித்தால், ஒரு தட்டுக்கு மாவுச்சத்து 52 கிராம், புரதம் 10 கிராம், கொழுப்பு அரை கிராமுக்குச் சற்று அதிகம். மொத்தம் சுமார் 260 கலோரி. காலை உணவுக்கு இது மிதமான அளவு. அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் பாசிப்பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது.

பருப்பின் அளவைக் குறைத்தால் என்ன ஆகும்? அரிசிக்குப் பாதி பருப்பு போடுவதற்குப் பதில் கால் பங்கு போடுகிறவர்கள் உண்டு. அதாவது 240 கிராம் அரிசிக்கு 60 கிராம் பருப்பு. அப்போது ஒரு தட்டின் புரதம் 10 கிராமிலிருந்து எட்டேகால் கிராமாக இறங்கும், மாவுச்சத்து 3 கிராம் ஏறும். கலோரி கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். கொழுப்பும் அசையாது. பருப்பைக் கூட்டுவது புரதத்துக்கு நல்லது. ஆனால் பொங்கல் கனமா, லேசா என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இனி நெய். அரிசியிலும் பருப்பிலும் பல சத்துகள் கலந்திருக்கின்றன. நெய்யோ ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ 4 கலோரி தருகிறது, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. 15 மில்லி பிடிக்கும் மேசைக்கரண்டியில் உருக்கிய நெய்யைத் தலைதட்டி எடுத்தால் எடை சுமார் பதின்மூன்றரை கிராம். அதாவது ஒரு கரண்டிக்கு 120 கலோரிக்குக் கொஞ்சம் அதிகம்.

அதே பானையில் 2 மேசைக்கரண்டி நெய் விட்டால், ஒரு தட்டின் கொழுப்பு 7 கிராமைத் தாண்டும், கலோரி 320 ஆகும். 4 கரண்டி விட்டால் கொழுப்பு 14 கிராம், கலோரி 380. பொங்கல் பளபளவென்று இருக்க வேண்டும் என்று அரை கப், அதாவது 8 கரண்டி ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொழுப்பு 28 கிராமை நெருங்கும், கலோரி 500-ஐத் தாண்டும். அப்போது தட்டில் இருக்கும் கலோரியில் ஏறத்தாழ பாதி நெய்யிலிருந்து வருகிறது. அரிசியிலும் பருப்பிலும் ஒரு கிராம்கூட மாறவில்லை, பார்வைக்கும் அதே ஒரு தட்டுப் பொங்கல்தான்.

இந்த எண்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் போதும் என்கிறது. 4 கரண்டிப் பொங்கலில் ஒரு தட்டு, அதில் பாதியைக் காலையிலேயே முடித்துவிடுகிறது. 8 கரண்டிப் பொங்கலில் ஒரு தட்டு சாப்பிட்டவருக்கு மதியச் சாம்பார் தாளிக்கக்கூட மிச்சம் இல்லை. நெய்க் கொழுப்பில் 60 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு என்பதால், கெட்ட கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். நெய்க்குப் பதில் பெரும்பாலான எண்ணெய்களை ஊற்றினால் நிறைவுற்ற கொழுப்பு குறையும். கலோரி குறையாது, எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு அதே 9 கலோரிதான்.

பொங்கலுக்கு எவ்வளவு நெய் விட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கடைசியில் ஊற்றிய கரண்டியைத்தான் சொல்வார்கள். உண்மையில் நெய் நாலு இடத்தில் சேர்கிறது. பருப்பை வாசம் வர வறுக்கும்போது ஒரு கரண்டி. மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிக்கும்போது ஒன்றிரண்டு. குழைந்த பொங்கலை மத்தால் மசித்துக் கிளறும்போது இன்னும் கொஞ்சம். தட்டில் வைத்தபின் மேலே ஒரு கரண்டி. போதாததற்கு முந்திரியும் உண்டு. 12 முந்திரியை நாலு தட்டுக்குப் பகிர்ந்தால், தலைக்கு 2 கிராம் கொழுப்பு கூடும்.

கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. குழைந்த அரிசியின் கஞ்சிப் பதத்தில் நெய் சிறு சிறு துளிகளாகப் பரவி ஒளிந்துகொள்கிறது. மேலே மிதக்கும் நெய் மட்டும்தான் தெரியும். கரண்டிக் கணக்கும் ஏமாற்றும்: உறைந்த நெய்யைக் குவித்து எடுத்தால், உருக்கிய நெய்யைவிட ஒரு கரண்டிக்கு அதிகம் வரும்.

சரியான வழி, நெய் ஜாடியைச் சமையல் தராசில் வைப்பது. சமைக்கும் முன் 412 கிராம், எல்லாம் முடிந்தபின் 358 கிராம் என்றால் போனது 54 கிராம், அதாவது 4 கரண்டி. வெந்த பொங்கலை மட்டும் எடைபோட்டு, 100 கிராமுக்கு இவ்வளவு என்று ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டால் தவறிவிடும். தண்ணீர் கூடினால் எடை கூடும், ஆறினால் இறுகும். கணக்கை வேகாத அரிசி, பருப்பு, நெய் ஆகியவற்றில் போட்டுவிட்டு, வெந்த பானையின் நிகர எடையில் தன் தட்டுக்கு வந்த பங்கை மட்டும் பார்ப்பதே நம்பகமானது.

குறைத்தால் ருசி போகுமே என்ற கவலை நியாயமானது. மிளகு, பெருங்காயத்தின் மணப்பொருள்கள் கொழுப்பில் நன்றாகக் கரைபவை. தாளிப்பில் நெய்யே இல்லாவிட்டால் பொங்கல் மணக்காது. ஆனால் அதற்கு ஒரு மேசைக்கரண்டி போதும். பருப்பை வெறும் வாணலியில் சிவக்காமல் வறுக்கலாம், மணம் அப்படியே வரும். மசிக்கும்போது பொங்கல் இறுகினால், பலரும் அதைத் தளர்த்த நெய்யை ஊற்றுகிறார்கள். அங்கே தேவை கொதிநீர். ஒரு பங்கு அரிசி பருப்புக்கு நாலரைப் பங்கு தண்ணீர் வைத்து நன்றாகக் குழையவிட்டு, பரிமாறும் முன் அரை கப் சுடுதண்ணீர் விட்டுக் கிளறினால் அதே இளக்கம் கிடைக்கும்.

மிச்சம் ஒரு கரண்டியைக் கிளறும்போது விடாமல், இறக்கியபின் மேலாக ஊற்றினால் முதல் வாயிலேயே நெய் மணம் தெரியும். இப்படி மொத்தம் 2 கரண்டியில் பானை முடிகிறது. வளரும் பிள்ளைக்கோ, வயல் வேலைக்குப் போகிறவருக்கோ அவரவர் தட்டில் தேக்கரண்டியால் கூட்டிக்கொள்ளலாம், ஒரு தேக்கரண்டிக்கு நாலரை கிராம் கொழுப்பு என்ற கணக்கோடு. பானையில் கலந்துவிட்ட நெய்யை, வேண்டாம் என்கிறவரின் தட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.