கேத்திலுக்குத் தெரியாத பாதி

நிலாவெளியைக் கடந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால், களப்பும் பாலமுமாக இறக்கக்கண்டி வரும். அங்கே மின்கம்பி வரிசையின் கடைசியில் ஒரு வீடு இருப்பதாகக் கற்பனை செய்வோம். மீன் வைக்கும் பெரிய ஃப்ரீசர் ஒன்று அங்கே இருக்கிறது. மாலையில் அது உறுமுகிறது, ஆனால் ஓடத் தொடங்குவதில்லை. நடு இரவில் அதே ஃப்ரீசர் சிரமமில்லாமல் ஓடுகிறது.

அந்த வீட்டின் பிளக்குக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபோமர், நீளமான கம்பிகள், நடுவழியில் ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டர் என்று பல இருக்கின்றன. ஃப்ரீசருக்கோ அவை எதுவும் தனித்தனியாகத் தெரியாது. அதற்குத் தெரிவது ஒரே ஒரு மின்மூலமும், அதனோடு தொடராக நிற்கும் ஒரே ஒரு தடங்கலும்தான். எவ்வளவு சிக்கலான நேரியல் வலையையும் இப்படி இரண்டே பொருளாகச் சுருக்கலாம் என்று 1853இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். 1883இல் பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் தெவெனின் அதைத் தாமாகவே மீண்டும் கண்டடைந்தார், இன்று அவர் பெயரே நிலைத்திருக்கிறது. ஆடலோட்டத்துக்கு அது முழுமையாகப் பயன்பட, 1893இல் சிகாகோ மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் முன்வைத்த சிக்கலெண் முறை தேவைப்பட்டது.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ட்ரான்ஸ்ஃபோமரில் 230 வோல்ற். அங்கிருந்து தோட்டம்வரை போய்வரும் கம்பி 0.6 + j0.4 ஓம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் 12 + j9 ஓம். தோட்டத்திலிருந்து வீடுவரை 0.3 + j0.2 ஓம். முதல் எண் கம்பியின் தடை. j ஒட்டிய எண், கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலத்தின் பங்கு. j என்றால் அலையைக் கால் சுற்றுத் திருப்புதல், அவ்வளவுதான்.

முதலில் பிளக்கில் எதையும் மாட்டாமல் வோல்ற்றைக் காண்போம். பிறகு மூலத்தின் இடத்தில் வெறும் கம்பி இருப்பதாகக் கொண்டு, பிளக்கிலிருந்து பின்னோக்கிப் பார்ப்போம். அப்போது முதல் கம்பித்துண்டும் மோட்டரும் சமாந்தரமாகத் தெரியும்.

```
V = 230 × (12+j9)/(12.6+j9.4) ≈ 219.5
Z = (0.3+j0.2) + (0.6+j0.4)(12+j9)/(12.6+j9.4)
  ≈ 0.87 + j0.58
```

இனி தோட்டத்தை மறந்துவிடலாம். ஃப்ரீசருக்கு உலகம் இந்த இரண்டு எண்கள்தான்.

இவற்றை வீட்டிலிருந்தே அளக்க முடியுமா? பிளக்கின் இரு முனைகளையும் நேரே இணைத்து ஓட்டத்தை அளக்கலாம் என்று பாடநூல் சொல்லும். வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. 10 அம்பியர் இழுக்கும் கேத்திலை மாட்டலாம். வோல்ற் 210.7 ஆகும். குறைந்தது 8.8, அதை 10ஆல் வகுத்தால் 0.88. தடை கிடைத்துவிட்டது, ஆனால் 0.58 எங்கே போனது? கேத்திலின் ஓட்டம் வோல்ற்றோடு ஒன்றாக ஏறி இறங்குகிறது. அதனால் காந்தப் பங்கு உண்டாக்கும் 5.8 வோல்ற் மூலத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. 219.5க்குச் செங்குத்தான 5.8, நீளத்தை ஒரு வோல்ற்றில் பத்தில் ஒரு பங்குகூட மாற்றாது. கேத்திலை மட்டும் வைத்து அளப்பவருக்கு வலையின் ஒரு பாதி தெரியாமலே போகும்.

அந்தப் பாதியைப் பார்க்க, 10 அம்பியர் இழுக்கும் கொள்ளளவியை மாட்டியதாக வைத்துக்கொள்வோம். அதன் ஓட்டம் வோல்ற்றைவிடக் கால் சுற்று முந்தி ஓடும், அதாவது j10. கம்பியில் ஏற்படும் இறக்கம்:

```
j10 × (0.87 + j0.58) = −5.8 + j8.7
```

இறக்கம் எதிர்க்குறியோடு வருகிறது! j-ஐ j-ஆல் பெருக்கினால் அரைச் சுற்று, அதாவது −1. பிளக்கில் வோல்ற் 225.1 ஆகிறது. ஒன்றும் மாட்டாதபோது இருந்ததைவிட அதிகம். சுமை ஏற்றினால் வோல்ற் ஏறுகிறது என்பதை மீற்றரில் முதன்முறை பார்த்தபோது நான் மீற்றரைத்தான் சந்தேகித்தேன். ஏறிய 5.6 வோல்ற்றை 10ஆல் வகுத்தால் 0.56, ஒளிந்திருந்த பாதி ஏறத்தாழ அப்படியே வந்துவிடும்.

ஃப்ரீசருக்குத் திரும்புவோம். தொடங்கும் நொடியில் அதன் மோட்டர் 40 அம்பியர் இழுக்கிறது, ஓட்டம் அறுபது பாகை பிந்துகிறது: 20 − j34.6. தடை 17.4 வோல்ற்றைத் தின்கிறது, காந்தப் பங்கு இன்னொரு 20. முன்பு செங்குத்தாக ஒதுங்கி நின்றதே இப்போது நேராகக் கழிகிறது. மிச்சம் 181 வோல்ற். தொடங்கும் உந்தல் வோல்ற்றின் வர்க்கத்தோடு குறைவதால், 230இல் கிடைப்பதில் 62 சதவீதம்தான் கிடைக்கும். கேத்தில் சோதனையை நம்பியவர் தடையை மட்டும் கழித்து, 200க்கு மேல் இருக்கும் என்று எண்ணியிருப்பார்.

இந்த இரண்டு எண்களும் 50 ஹேர்ட்ஸுக்கு மட்டுமே சரி. வேறு அதிர்வெண்ணில் j ஒட்டிய எண் மாறிவிடும். வழியில் எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதையும் இவை சொல்லா. பிளக்கில் ஒன்றுமே மாட்டாதபோதும் தோட்டம்வரையுள்ள கம்பி சூடாகிறது, சுருக்கிய சுற்றிலோ அப்போது ஓட்டமே இல்லை. பின்னால் ஒன்று மாறினால் கணக்கையும் மறுபடி போடவேண்டும். இரவில் தோட்டத்து மோட்டர் நின்றதும் மூலம் 230 ஆகிறது, தடங்கல் 0.9 + j0.6. தடங்கல் கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. இருந்தும் அதே 40 அம்பியருக்கு ஃப்ரீசர் இப்போது 190 வோல்ற்றைக் காண்கிறது.