மருந்து தரும் பசி

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியையும் இறக்கக்கண்டியையும் கடந்து செல்வோர் சேரும் கடற்கரையூர் குச்சவெளி. மீனும் கருவாடுமே அங்குப் பலரின் சீவனம். முட்டு வருத்தமும் தோற்கடியும் மருந்துக்கு ஆளனுப்பவைக்கும் நோய்கள். கடதாசி உறையிற் பெயரெழுதாது தரப்படும் குளிசைகளை இரண்டு மூன்று கிழமை விழுங்கியவர், முட்டு நின்றதோடு கன்னமும் நிரம்பிவிட்டால், “உடம்பு தேறிவிட்டது” என்று கூறுவது எமது சமூகத்துக்குப் பழகிய பேச்சு. மெலிவை வறுமையோடும் பருமனைச் சுகத்தோடும் இணைத்துப் பார்க்கும் மனநிலை அப்பேச்சிலுண்டு. அவ்வாறு தேறியதாகக் கருதப்படும் உடலில் உண்மையில் நிகழ்வது யாது என்பதையே இங்கு ஆராய்கின்றோம்.

முட்டுக்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன், அதிரீனற் சுரப்பி நாளாந்தம் வெளிவிடும் கோட்டிசோல் என்னும் ஓமோனின் உறவுப் பொருள். அந்த உறவுப் பொருட்களுள் ஒன்றான கோட்டிசோன், 1948ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. நடக்க இயலாதவர் சில நாட்களில் நடந்தார். அதன் ஆய்வாளரான பிலிப் ஹென்ச், கென்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் 1950இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் மருந்து தொடர்ந்தபோது நோயாளிகளின் பசி பெருகியது. முகம் நிலவுபோல் உருண்டது. நன்மையும் தீமையும் ஒரே பொருளின் இரு செயல்கள் என்பது அன்றே தெரியவந்தது.

அளவை நோக்கினால் வியப்பு நீங்கும். ஆரோக்கியமான உடல் ஒரு நாளிற் சுரக்கும் கோட்டிசோல் ஏறக்குறைய 10 மில்லிகிராம். 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் ஒன்றே 20 மில்லிகிராம் கோட்டிசோலுக்கு நிகர். முட்டு மிகும்போது நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் கொடுப்பதுண்டு. அது 120 மில்லிகிராம் கோட்டிசோலுக்கு ஈடாகும். உடல் தானே ஆக்குவதன் பன்னிரண்டு மடங்கு.

மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் சிறு பகுதியிற் பசியை எழுப்பும் நரம்புக்கலங்களும் அடக்கும் கலங்களும் அருகருகே உள்ளன. கொழுப்பிழையம் வெளிவிடும் லெப்டின் என்னும் ஓமோன், “சேமிப்புப் போதும்” என்று அவற்றுக்குத் தெரிவிக்கின்றது. மிகுந்த ஸ்டீரொயிட்டு அச்செய்தியை மழுங்கச் செய்து, பசியெழுப்பும் கலங்களை ஊக்குவிக்கின்றது. அதேவேளை ஈரல் குளுக்கோசை மிகுதியாக ஆக்குகின்றது. தசை அதனை உள்ளெடுக்கத் தயங்குகின்றது. குருதியில் இனிப்பு ஏற, இன்சுலினும் ஏறுகின்றது. இன்சுலின் மிகும் உடல் கொழுப்பைச் சேமிக்கும். ஆகவே வயிறு நிரம்பச் சோறுண்டு எழுந்தவர் ஒரு மணி நேரத்தில் மீண்டும் பசியென்பதை மனக்கட்டுப்பாட்டின் குறையென்று கடிந்துகொள்வது நியாயமன்று.

கருவாடு போட்டு வாழும் ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணொருவர் இம்மருந்தை மூன்று கிழமை உட்கொள்கிறார் எனக் கொள்வோம். பசியின் காரணமாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி, அதாவது இரண்டு கோப்பைச் சோறும் சிறிது கறியும், அதிகமாக உண்கின்றார். இருபத்தொரு நாட்களில் இது 10,500 கலோரி. ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரியைச் சேமிப்பதால், மிகுதியான உணவு தரும் எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவே. ஆனால் தராசு மூன்று கிலோ ஏற்றத்தைக் காட்டுமெனின் மீதி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் உப்பும் நீரும். ஸ்டீரொயிட்டு சிறுநீரகத்தில் உப்பைத் தேக்குகின்றது; உப்போடு நீரும் தேங்குகின்றது. கருவாட்டுக் குழம்பை நாள்தோறும் உண்ணும் வீட்டில் இத்தேக்கம் இன்னும் மிகும். முதற்கிழமையிலேயே தோன்றும் எடையேற்றத்திற் பெரும்பகுதி நீராகவே இருக்கக்கூடும். கணைக்காலின் முன்னெலும்பின்மேற் பெருவிரலால் சில நொடி அழுத்திப் பார்த்தால் குழி விழுந்து நிற்பது அதனைக் காட்டும். அதற்குப் பின் கொழுப்புச் சேர்வது முகத்திலும் வயிற்றிலும் கழுத்தின் பின்புறத்திலும். கைகால்களிலோ தசை தேய்கின்றது. ஆகையால் எடை ஏறும்போது பலம் குறைவது முரண்பாடன்று.

தோற்கடிக்கும் தும்மலுக்கும் கொடுக்கப்படும் பழைய வகை மருந்துகளின் வழி வேறு. ஹிஸ்டமின் என்பது தோலிற் சொறிவை உண்டாக்கும் பொருள் மட்டுமன்று. மூளையில் அது விழிப்பைத் தருவதோடு பசியையும் தணிக்கின்றது. மூளைக்குள் எளிதில் நுழையும் மருந்து இச்செய்கையைத் தடுக்கும்போது தூக்கமும் பசியும் கூடவே வருகின்றன. 2007இல் வெளியான ஆய்வொன்று, எடையை ஏற்றும் சில மனநோய் மருந்துகளும் ஹிஸ்டமின் வாங்கியைத் தடுத்தே பசியைத் தூண்டுகின்றன என்று எலிகளிற் காட்டியது. ஸ்டீரொயிட்டு பசியை முடுக்குகின்றது. இவை பசியின் தடையைத் தளர்த்துகின்றன. எனினும் எல்லாம் ஒரே அளவிற் செய்வதில்லை. சைப்ரோஹெப்டடீன் மூளையின் செரோடோனின் வாங்கிகளையும் தடுப்பதாற் பசி கடுமையாகின்றது. சளிக்கு ஐந்து நாட்கள் விழுங்கும் குளோர்பெனிரமீன் எடையில் மாற்றம் காட்டுவது அரிது. மூளைக்குட் குறைவாக நுழையும் செற்றிரிசீன், லொறற்றடீன் ஆகியவற்றாற் பசி கூடும் வாய்ப்பும் குறைவு.

சைப்ரோஹெப்டடீனின் வரலாறு கவனிக்கத்தக்கது. முட்டுள்ள சிறுவர்களிடத்தில் அதனைச் சோதித்தபோது அவர்கள் மிகுதியாக உண்டு எடை கூடினர் என்பது 1962இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியாயிற்று. பக்கவிளைவே பின்னர் வணிகமாயிற்று: மூன்றாம் உலக நாடுகளில் அது பசியூட்டும் மருந்தாக விற்கப்பட்டது. உணவு போதாத வீட்டில் மெலிந்த குழந்தைக்குப் பசியைக் கூட்டும் பானத்தை விற்பது எத்தகைய வைத்தியம்? வங்காளதேசத்து விபசார விடுதிகளில், கால்நடைகளைக் கொழுக்கவைக்கப் பயன்பட்ட டெக்சாமெதசோன் இளம் பெண்களுக்கு ஊட்டப்பட்டதாக 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியான செய்திகள் அந்த வணிகத்தின் கொடிய எல்லை. 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் சேனக பிபிலே, மருந்துகள் வணிகப் பெயரால் அன்றி மூலப்பெயரால் அறியப்பட வேண்டுமென வாதிட்டார். உறையின்மேற் பெயரில்லாதபோது உள்ளிருப்பது எதுவென நோயாளி அறிய வழியில்லை.

அறியாமை மிகவும் வருத்துவது மருந்தை நிறுத்தும்போதுதான். வெளியிலிருந்து ஸ்டீரொயிட்டு வருவதைக் கண்ட அதிரீனற் சுரப்பி தன் வேலையை ஓய்த்துவிடுகின்றது. மூன்று கிழமைக்கு மேல் உட்கொண்டவர், எடை ஏறுகிறதென அஞ்சிக் குளிசையை ஒரே நாளில் விட்டால், களைப்பு, தலைச்சுற்று, வாந்தி ஆகியன தோன்றலாம். காய்ச்சலோ காயமோ நேர்ந்தால் குருதியமுக்கம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவை வைத்தியரே படிப்படியாகக் குறைக்க வேண்டும். பசி பெரும்பாலும் அளவோடு தானும் இறங்கும். நீர் முதலிலும் கொழுப்பு மெதுவாகவும் விலகும்.

முட்டுக்கு உறிஞ்சும் குழாயைக் கண்டு, “அது பழக்கமாகிவிடும்” எனப் பலர் அஞ்சிக் குளிசையை நாடுகின்றனர். உறிஞ்சும் பெக்லோமெதசோனின் ஓர் அழுத்தம் 100 அல்லது 200 மைக்ரோகிராம். குளிசையின் 30 மில்லிகிராமோ 30,000 மைக்ரோகிராம். வழக்கமான அளவில் உறிஞ்சப்படுவதன் பெரும் பயன் சுவாசப்பையிலேயே நிகழ்வதால் பரிவகக்கீழ் அதனை அதிகம் உணர்வதில்லை.